லெவின்சன்-டர்பின்: இரண்டாவது ஆர்டரைத் தொடுவதற்குள் k ஒன்றைத் தாண்டிவிடுகிறது, பிழை மைனஸில் போகிறது

தாமிரபரணி மைதிலி

வணக்கம். நேரியல் முன்கணிப்பின் நார்மல் சமன்பாடுகளை, அணியின் நேர்மாறு எடுக்காமல் ஆர்டர் ஆர்டராக ஏறித் தீர்க்கும் நிரலை நாமே எழுத வேண்டும் என்று ஆய்வகத்தில் கொடுத்திருக்கிறார்கள். நூலகச் சார்புகள் எதையும் தொடக் கூடாது. கையால் சரிபார்க்க வசதியாக இருக்கட்டும் என்று 1, 2, 2, 1 என நான்கே சாம்பிள் எடுத்துக்கொண்டேன்.

```python
x = [1, 2, 2, 1]
N, p = len(x), 2
r = [sum(x[n]*x[n-m] for n in range(m, N))/(N-m)
     for m in range(p+1)]
a, E = [1.0] + [0.0]*p, r[0]
for m in range(1, p+1):
    d = sum(a[i]*r[m-i] for i in range(m))
    k = -d/E
    for i in range(1, m):
        a[i] = a[i] + k*a[m-i]
    a[m] = k
    E = E*(1 - k*k)
    print(m, k, E)
```

வருகிற விடை இது:

```
1  -1.0667  -0.3444
2  -2.4516   1.7258
```

ரிஃப்ளெக்‌ஷன் கெழு எப்போதும் ஒன்றுக்குள்தான் இருக்கும் என்று குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். எனக்கு இரண்டுமே வெளியே போகின்றன. முதல் படியில் பிழை ஆற்றல் மைனஸ், இரண்டாவது படியில் திரும்பவும் பிளஸ். கடைசியில் பிளஸ் வந்துவிட்டதால் இறுதி விடை சரிதான், நடுவில் வந்ததைக் கண்டுகொள்ள வேண்டாம் என்கிறாள் என் தோழி. எனக்கு மனம் ஒப்பவில்லை.

பத்து பைசா

இரண்டு விஷயம். ஒன்று, நான்கு சாம்பிளை வைத்துக்கொண்டு புள்ளியியல் செய்தால் இப்படித்தான் வரும். நூறாவது எடுத்துப் பாருங்கள், தானாக ஒன்றுக்குள் வந்துவிடும். இரண்டாவது, உங்கள் k-இன் குறியே தப்பு. `k = d/E` என்று இருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துச் சாம்பிள்கள் ஒரே போக்கில் போகும்போது கெழு எப்படி மைனஸ் ஆகும்?

அலைவரிசை 73

அம்மா, ரிஃப்ளெக்‌ஷன் கெழு ஒன்றைத் தாண்டுகிறது என்றால் முதலில் கேபிளையும் கனெக்டரையும் பாருங்கள். 50 ஓம் லைனில் 75 ஓம் லோட் போட்டால் (75 − 50)/(75 + 50), அதாவது 0.2. லோட் பக்கம் ஆம்ப்ளிஃபையர் ஏதும் இல்லாமல் ஒன்றுக்கு மேல் வரவே வராது. மீட்டரை ஓப்பன், ஷார்ட் வைத்துக் காலிபரேட் செய்தீர்களா?

தாமிரபரணி மைதிலி

ஐயா, இதில் கேபிளே இல்லை, நான்கு எண்கள்தான் இருக்கின்றன :)

பத்து பைசா, நூறு சாம்பிள் வைத்துப் பார்த்தேன். ஒரு பேச்சுக் கோப்பில் ஒன்றுக்குள் வந்தது, இன்னொன்றில் பத்தாவது ஆர்டர் வரை போனபோது திரும்பவும் தாண்டியது. குறியை மாற்றினாலும் அளவு மாறவில்லையே?

பழைய கோடெக்

மைதிலி, தோழி சொன்னதைக் கேட்க வேண்டாம். தவறு இருப்பது சுழற்சிக்குள் இல்லை, அதற்கு முன்னால். `/(N-m)` என்று வகுத்திருக்கிறீர்களே, அங்கேதான்.

உங்கள் r-ஐ அச்சிட்டுப் பாருங்கள். r0 = 2.5, r1 = 2.667. ஒரு சிக்னல் தன்னோடு ஒத்துப்போவதைவிட, ஓரடி நகர்த்திய தன்னோடு அதிகமாக ஒத்துப்போகிறது என்று அர்த்தமாகிறது. எந்தச் சிக்னலுக்கும் இது நடக்காது. ஆகவே அந்த மூன்று எண்களும் எந்த நிஜச் சிக்னலின் தன்னொட்டுறவும் அல்ல.

`N-m`-ஆல் வகுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது: சராசரியாகப் பார்த்தால் சாய்வு இல்லாத மதிப்பீடு அது. ஆனால் ஒவ்வொரு r-ஐயும் வேறு வேறு எண்ணால் வகுத்ததும், அவற்றுக்குள் இருந்த உறவு அறுந்துவிடுகிறது. எல்லாவற்றையும் N-ஆல் வகுத்தாலோ, வகுக்காமலே விட்டாலோ, கிடைப்பது இருபுறமும் பூச்சியம் ஒட்டிய உங்கள் சிக்னலின் உண்மையான தன்னொட்டுறவு. அப்போது E என்பது நிஜமாகவே ஒரு ஃபில்டரின் வெளியீட்டில் இருக்கும் வர்க்கங்களின் கூட்டல். வர்க்கங்களைக் கூட்டினால் மைனஸ் எங்கிருந்து வரும்?

வகுக்காமல் விட்டால் r0 = 10, r1 = 8, r2 = 4. நல்ல எண்களைத்தான் எடுத்திருக்கிறீர்கள், கால்குலேட்டரே வேண்டாம்.

முதல் படி: k1 = −8/10 = −0.8. E1 = 10 × (1 − 0.64) = 3.6.

இரண்டாவது படிதான் இந்த முறையின் உயிர். சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதல் ஆர்டரின் விடை [1, −0.8]. அதன் வாலில் ஒரு பூச்சியத்தை ஒட்டி, 3×3 அணியால் பெருக்குங்கள். அடுத்து அதே வெக்டரைத் தலைகீழாகத் திருப்பிப் பெருக்குங்கள்.

```
R · [1, -0.8, 0] = [ 3.6, 0, -2.4]
R · [0, -0.8, 1] = [-2.4, 0,  3.6]
```

நமக்கு வேண்டியது [ஏதோ, 0, 0] என்ற வடிவம். முதல் வரியில் நடுப் பூச்சியம் வந்துவிட்டது, அது முதல் படியில் சம்பாதித்தது. கடைசியில் −2.4 மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. இரண்டாவது வரி முதல் வரியின் கண்ணாடிப் பிம்பம். R டோப்ளிட்ஸ் அணி என்பதாலும் சமச்சீரானது என்பதாலும் மேலிருந்து கீழ் படித்தாலும் கீழிருந்து மேல் படித்தாலும் ஒன்றுதான். அதனால் வெக்டரைத் திருப்பினால் விடையும் திரும்பி வருகிறது, புதிதாக எதையும் தீர்க்க வேண்டியதில்லை.

இப்போது இரண்டாவதை k மடங்கு எடுத்து முதலோடு கூட்டுங்கள். நடுப் பூச்சியம் கெடாது. கடைசி இடம் பூச்சியமாக −2.4 + 3.6k = 0. ஆக k2 = 2/3. முதல் இடத்தில் மிஞ்சுவது 3.6 − 2.4 × 2/3 = 2.0, அதுதான் E2. கெழுக்கள் [1, −0.8 − 0.8 × 2/3, 2/3], அதாவது [1, −4/3, 2/3].

நேரடியாகப் போட்டுப் பாருங்கள்: 8 − 40/3 + 16/3 = 0, 4 − 32/3 + 20/3 = 0. சரியாக இருக்கிறது.

கடைசியில் பிளஸ் வந்தால் போதும் என்ற வாதத்துக்கு வருகிறேன். உங்கள் பழைய விடையில் a = [1, 1.548, −2.452]. அதன் துருவங்கள் 0.97, −2.52. அலகு வட்டத்துக்கு வெளியே இரண்டரையில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதை வைத்துச் சிக்னலைத் திரும்பக் கட்டினால், ஒவ்வொரு சாம்பிளுக்கும் இரண்டரை மடங்காக வளர்ந்து வெடிக்கும். E ஏன் பிளஸுக்குத் திரும்பியது? முதல் k ஒன்றைத் தாண்டியதும் குறி மாறியது, இரண்டாவதும் தாண்டியதும் மறுபடி மாறியது. மைனஸும் மைனஸும் பிளஸ், அவ்வளவுதான். எந்தப் படியில் E பூச்சியத்துக்குக் கீழே போனாலும் அங்கேயே நிறுத்துங்கள்.

பத்து பைசாவுக்கு: சாம்பிள் நீளம் காரணம் இல்லை. N-ஆல் வகுத்தால், எல்லாமே பூச்சியமாக இல்லாத வரை, நான்கு சாம்பிளுக்கும் |k| ஒன்றுக்குள்தான். நீளம் கூடக் கூட N-க்கும் N−m-க்கும் வித்தியாசம் குறைகிறது, அதனால் நூறு எடுத்தால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்வீர்கள், எப்போதும் அல்ல. மைதிலியின் இரண்டாவது கோப்பு அதைத்தான் காட்டுகிறது.

திருச்சி தரவு

குறி விஷயத்தில் பத்து பைசா சொன்னதை முழுக்கத் தள்ள வேண்டாம். சண்டை நிஜமானது. நாங்கள் காலத்தொடரில் x[n] = φ1·x[n−1] + φ2·x[n−2] + e என்று எழுதுவோம். சிக்னல் பிராசஸிங்காரர்கள் x-கள் எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்து x[n] + a1·x[n−1] + a2·x[n−2] = e என்று எழுதுகிறார்கள். ஆகவே எங்கள் பகுதி ஒட்டுறவு +0.8, −0.667, அவர்கள் k −0.8, +0.667. இரண்டு புத்தகத்தை மாற்றி மாற்றிப் படித்தால் தலை சுற்றும். ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை அதிலேயே இருந்தால் போதும்.

இந்த −0.667-ஐ நான் வேறு விதமாகப் பார்ப்பேன். r2/r0 என்பது +0.4. இரண்டு அடி தள்ளியிருக்கும் சாம்பிளோடு ஒட்டுறவு பிளஸாக இருக்கிறதே, பிறகு பகுதி ஒட்டுறவு மட்டும் எப்படி மைனஸ் என்று மாணவர்கள் கேட்பார்கள். ஓரடி ஒட்டுறவு 0.8. இரண்டடிக்கு அது மட்டுமே காரணம் என்றால் 0.8 × 0.8 = 0.64 வந்திருக்க வேண்டும். வந்தது 0.4. எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அந்தக் குறைவுக்குத்தான் மைனஸ். கோடெக் சாரின் −2.4-ஐ 10-ஆல் வகுத்தால் −0.24, அதாவது 0.4 − 0.64. அதே எண்தான்.

இன்னும் கிட்டே போய்ப் பார்க்க வேண்டுமானால், ஒவ்வொரு சாம்பிளிலிருந்தும் அதற்கு முந்தைய சாம்பிளின் 0.8 மடங்கைக் கழியுங்கள். மிஞ்சுவது முன்னோக்கிய பிழை. அதேபோல் ஒவ்வொரு சாம்பிளிலிருந்தும் அதற்குப் பிந்தையதன் 0.8 மடங்கைக் கழித்தால் பின்னோக்கிய பிழை. இரண்டாவதை ஓரடி தள்ளி, கீழே வைக்கிறேன்.

```
f1[n]   :  1.0   1.2   0.4  -0.6  -0.8   0
b1[n-1] :  0    -0.8  -0.6   0.4   1.2   1.0
```

மேல் வரி, கீழ் வரி இரண்டிலும் வர்க்கங்களின் கூட்டல் 3.6. மேலும் கீழும் பெருக்கிக் கூட்டினால் −0.96 − 0.24 − 0.24 − 0.96 = −2.4. ஆக −2.4/3.6 என்பது இந்த இரண்டு மிச்சங்களுக்கும் இடையே உள்ள ஒட்டுறவு. நடுச் சாம்பிளின் செல்வாக்கை எடுத்துவிட்ட பிறகு ஓரச் சாம்பிள்கள் இரண்டுக்கும் என்ன உறவு என்பதைத்தான் அது சொல்கிறது. ஒட்டுறவு என்பதால்தான் ஒன்றைத் தாண்ட முடியாது. குறிப்பில் எழுதி வைத்த விதி எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்கு இங்கே தெரிந்துவிடும்.

தாமிரபரணி மைதிலி

இது ரொம்ப உதவியது அக்கா. கீழ் வரியை 2/3 மடங்கு எடுத்து மேல் வரியோடு கூட்டிப் பார்த்தேன்: 1, 0.667, 0, −0.333, 0, 0.667. வர்க்கம் எடுத்துக் கூட்டினால் 1 + 4/9 + 1/9 + 4/9 = 2. E2 கண்ணெதிரே வருகிறது!

ஒரு சந்தேகம். இந்த ஆறு எண்களில் முதலாவதும் கடைசியும் சிக்னலின் விளிம்புக்கு வெளியே இருக்கும் பூச்சியங்களால் வந்தவைதானே? முதல் சாம்பிளுக்கு முன்னால் பூச்சியம் என்று நாமாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து 1-ஐக் கணிக்க முடியவில்லை என்று பிழையில் சேர்க்கிறோம். இது கொஞ்சம் அநியாயமாக இல்லையா?

பழைய கோடெக்

அநியாயம்தான். |k| < 1 என்ற உத்தரவாதத்துக்கு நாம் கொடுக்கும் விலை அது. பேச்சில் ஹாமிங் சாளரம் போட்டு விளிம்புகளைத் தணிப்பதற்கு ஒரு காரணமும் இதுவே. 8 கிலோஹெர்ட்ஸில் 20 மில்லிநொடி என்றால் 160 சாம்பிள், அதில் விளிம்பின் பங்கு சிறியது. உங்கள் நான்கு சாம்பிளில் விளிம்புதான் பெரும்பகுதி.

அலைவரிசை 73

நான் கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டேன், மன்னிக்கவும். ஆனாலும் கேட்கிறேன், இதற்கு ஏன் அதே பெயர்? E-ஐ ஒவ்வொரு படியிலும் 1 − k²-ஆல் பெருக்குகிறீர்கள். எங்களிடமும் லோடுக்குள் போகிற பவர் 1 − Γ². 0.2-க்கு 96 சதவீதம் உள்ளே போகும். இது தற்செயலா?

பழைய கோடெக்

தற்செயல் இல்லை ஐயா, நீங்கள் தப்பான வாசலில் நுழைந்து சரியான அறைக்கே வந்துவிட்டீர்கள்.

தொண்டையிலிருந்து உதடு வரை உள்ள குழாயை, ஒரே நீளமும் வெவ்வேறு பரப்பும் கொண்ட துண்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் ஒலி அலையின் ஒரு பகுதி திரும்பும். இழப்பு எதுவும் இல்லை என்று வைத்து, இரு முனைகளுக்கும் தகுந்த நிபந்தனை போட்டால், அந்தக் குழாய்க்கு வருகிற சமன்பாடும் லெவின்சன் ஏணியும் ஒன்றாகிவிடுகின்றன. உங்கள் ஓம்களின் இடத்தில் இங்கே குறுக்குப் பரப்பு. (1+k)/(1−k) என்பது இரண்டு துண்டுகளின் பரப்பு விகிதம். மைதிலியின் k1-க்கு அளவில் 9 மடங்கு, k2-க்கு 5 மடங்கு. எந்தப் பக்கம் அகலம், எந்தப் பக்கம் குறுகல் என்பது குறி வழக்கத்தைப் பொறுத்தது.

ஜிஎஸ்எம்மின் முதல் 13 கிலோபிட் பேச்சுக் கோடெக்கில், ஒவ்வொரு 20 மில்லிநொடிக்கும் எட்டு k-க்களை இந்தப் பரப்பு விகிதத்தின் மடக்கையாக மாற்றித்தான் அனுப்பினார்கள், மொத்தம் 36 பிட். ஏன் a-க்களை அனுப்பவில்லை? a-க்களை வட்டமிட்டு எழுதினால் துருவம் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. k-வை எப்படி வட்டமிட்டாலும் ஒன்றுக்குள் இருக்கும் வரை ஃபில்டர் நிலையாக இருக்கும். மடக்கை எதற்கு என்றால், k ஒன்றை நெருங்கும் இடத்தில் சிறு மாற்றமும் ஸ்பெக்ட்ரத்தைப் பெரிதாக ஆட்டும், அங்கே அளவுகோல் நுணுக்கமாக இருக்க வேண்டும்.

தாமிரபரணி மைதிலி

N-ஆல் வகுத்ததும் எல்லாம் பொருந்தியது, நன்றி சார். ஆனால் நிம்மதி ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. p = 3 போட்டேன். k3 = −0.5. வகுக்காத r வைத்தால் E3 = 1.5. கையில் போட்டாலும் அதேதான். ஆனால் a2-க்கு நிரல் 1.5 என்கிறது, கையில் 1.3333 வருகிறது. k சரி, E சரி, a மட்டும் தப்பு எப்படி? இரண்டாவது ஆர்டரில் எல்லாம் பொருந்தியதே!

ஃபிக்ஸட் பாயின்ட்

இந்தக் குழியில் நானும் விழுந்திருக்கிறேன், ஒரு வாரம் போனது. உள் சுழற்சியைப் பாருங்கள்:

```python
a[i] = a[i] + k*a[m-i]
```

மூன்றாவது ஆர்டரில் a1-ஐ மாற்ற a2 வேண்டும், a2-ஐ மாற்ற a1 வேண்டும். பழைய a1. நீங்கள் a1-ஐ −5/3 என்று மாற்றி எழுதிவிட்டு, அந்தப் புதிய எண்ணை வைத்து a2-ஐக் கணக்கிடுகிறீர்கள். 2/3 + 0.5 × 5/3 = 1.5. பழைய −4/3-ஐ வைத்திருந்தால் 2/3 + 0.5 × 4/3 = 4/3.

```python
old = a[:]
for i in range(1, m):
    a[i] = old[i] + k*old[m-i]
```

இரண்டாவது ஆர்டரில் ஏன் பிடிபடவில்லை என்றால், அங்கே நடுவில் ஒரே ஒரு கெழுதான். அதன் கண்ணாடிப் பிம்பமும் அதுவே. யாரையும் மிதிக்காமல் தப்பித்துவிடும். k3, E3 இரண்டும் பழைய a-வை வைத்துக் கணக்கிடப்பட்டவை, அதனால் அவையும் சரியாக வந்துவிட்டன.

தாமிரபரணி மைதிலி

சரியாகிவிட்டது அண்ணா: [1, −5/3, 4/3, −1/2]. மூன்று சமன்பாடும் பூச்சியம் தருகின்றன.

ஆர்வத்தில், `old` சேர்க்காத பழைய நிரலையே வகுக்காத r வைத்து நான்காவது ஆர்டருக்கும் ஓட்டிப் பார்த்தேன். r4 பூச்சியம். சரியான k4 = +0.2222. பழைய நிரல் −0.2222 என்றது! அளவு அதே, குறி மட்டும் தலைகீழ். E4 இரண்டிலும் 1.4259.

ஃபிக்ஸட் பாயின்ட்

அப்படியானால் E-ஐ மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர் நான்காவது ஆர்டர் வரை ஒன்றும் தெரியாமல் இருந்திருப்பார். இது உங்கள் எண்களின் அதிர்ஷ்டம், எல்லாத் தரவுக்கும் இப்படி வராது. ஆனாலும் E, k இரண்டையும் நம்பாமல் கடைசி a-வை R-ஆல் பெருக்கி [E, 0, 0, …] வருகிறதா என்று பார்க்கும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஆராயும்போது மட்டும், ஓடும் நிரலில் அல்ல.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தொலைபேசிக் கருவியில் 16 பிட் கணக்கில் இதே சுழற்சி. பேச்சுக்கு அருமையாக வேலை செய்தது. சோதனைக்காரர் லைனில் வெறும் டோன் ஒன்றைக் கொடுத்ததும் ரிசீவரில் ஒரு கிறீச். டோனுக்குக் கையில் போட்டுப் பாருங்கள்: r0 = 1, r1 = cos θ, r2 = cos 2θ. k1 = −cos θ, E1 = sin²θ. அடுத்து cos 2θ − cos²θ = −sin²θ. ஆக k2 = 1, E2 = 0. ஒரு சைன் அலையை இரண்டு பழைய சாம்பிள்களிலிருந்து துளிப் பிழையில்லாமல் கணிக்கலாம், அதனால் இரண்டாவது படியிலேயே கதை முடிந்துவிடுகிறது. மூன்றாவது படியில் பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்கிறோம். 16 பிட்டில் பூச்சியம் பூச்சியமாகக்கூட இருக்காது, வட்டமிட்ட குப்பை ஒன்றிரண்டு இருக்கும். குப்பையைக் குப்பையால் வகுத்து வந்த k3, ஏழோ எட்டோ.

தீர்வு ஒரே வரி: r0-வை மட்டும் 1.0001-ஆல் பெருக்குவது. சிக்னலுக்கு 40 டெசிபெல் கீழே மெல்லிய இரைச்சலைத் தூவியதுபோல். G.729 தரத்திலும் இதே எண்தான் இருக்கிறது. கூடவே E ஒரு வாசலுக்குக் கீழே போனால் மீதி k-க்களைப் பூச்சியமாக்கிவிட்டு வெளியே வந்துவிடுவேன்.

திருச்சி தரவு

மைதிலியின் −4/3, 2/3-ஐப் பார்த்ததிலிருந்து ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது, இப்போது நினைவு வந்துவிட்டது. 1927-இல் யூல் சூரியக் கரும்புள்ளி எண்ணிக்கைக்கு இரண்டாவது ஆர்டர் மாதிரி பொருத்தினார். அவருடைய கெழுக்கள் ஏறக்குறைய 1.34, −0.65. உங்கள் விளையாட்டு எண்கள் கிட்டத்தட்ட அங்கேயே நிற்கின்றன! உங்கள் துருவங்கள் 0.667 ± 0.471j, கோணம் 35.3 பாகை, ஒரு சுற்றுக்கு 10.2 சாம்பிள். யூலுக்கு வந்தது பத்தரை ஆண்டுக்குச் சற்று மேல். சும்மா சொன்னேன், இதில் பொருள் எதுவும் இல்லை.

பத்து பைசா

சரி, சாம்பிள் நீளம் காரணம் இல்லை என்று எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். குறியையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மைதிலி கேட்ட விளிம்புக் கேள்வியை யாரும் முடிக்கவில்லை. விளிம்பை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் சாம்பிள்களை மட்டும் கணித்தால் என்ன? மூன்றாவது சாம்பிளுக்கு 2 + 2·a1 + 1·a2 = 0. நான்காவதற்கு 1 + 2·a1 + 2·a2 = 0. a2 = 1, a1 = −1.5. பிழை பூச்சியம்! உங்கள் முறையில் பிழை 2. எது நல்ல முன்கணிப்பு?

பழைய கோடெக்

நல்ல கேள்வி. அது கோவேரியன்ஸ் முறை. a2 = 1 என்றால் துருவங்கள் அலகு வட்டத்தின் மேலேயே இருக்கின்றன. தணியவே தணியாத சைன் அலை. இரண்டு சமன்பாட்டுக்கு இரண்டு கெழு கொடுத்தால் பிழை பூச்சியம் வராமல் என்ன செய்யும்? அந்த அணி டோப்ளிட்ஸும் அல்ல, அதனால் இந்த ஏணி அப்படியே ஏறாது. தரவு கொஞ்சம் மாறினால் துருவம் வெளியே போவதையும் யாரும் தடுக்க முடியாது.

திருச்சி தரவு

நடுவில் பர்க் இருக்கிறாரே. முன்னோக்கிய பிழை, பின்னோக்கிய பிழை இரண்டையும் உள்ளே இருக்கும் சாம்பிள்களில் மட்டும் எடுத்து, இரண்டின் வர்க்கங்களின் கூட்டலைக் குறைக்கும் k-வைத் தேர்ந்தெடுப்பது. a-வைப் புதுப்பிக்கும் ஏணி அதே லெவின்சன் ஏணிதான், k கிடைக்கும் வழி மட்டும் வேறு. இங்கே k1 = −16/18 = −0.889. k2 = 56/106 = 0.528. இரண்டும் ஒன்றுக்குள், விளிம்புப் பூச்சியமும் இல்லை. குறுந்தரவுக்கு நான் எப்போதும் இதைத்தான் எடுப்பேன்.

பழைய கோடெக்

ஆனால் பாருங்கள், துருவத்தின் ஆரம் √0.528 = 0.73. தன்னொட்டுறவு முறையில் 0.82. பர்க் முறைதான் கூர்மையான உச்சம் தரும் என்று பொதுவாகச் சொல்வோம், இங்கே அதுவே மழுங்கலாக வந்திருக்கிறது. விளிம்பில் இருப்பதை நம்பலாமா கூடாதா என்பதற்கு நான்கு எண்களிடம் பதில் இல்லை.

பத்து பைசா

நான்கு சாம்பிள் போதாது என்று முதலிலேயே சொன்னேன்!

திருச்சி தரவு

வேறு காரணத்துக்காகச் சொன்னீர்கள் :) ஆனால் கோடெக் சார், 0.73, 0.82, 1 என்று மூன்று ஆரம் வந்திருக்கிறது. இந்த நான்கு சாம்பிளும் ஒரு நீண்ட சிக்னலிலிருந்து வெட்டியவை என்றால் நீங்கள் எதை எடுப்பீர்கள்?

பழைய கோடெக்

பேச்சு என்றால் தன்னொட்டுறவு, சாளரத்தோடு. கண்ணை மூடிக்கொண்டு. மற்றதற்கு நான் பதில் சொல்லத் தயங்குவேன். கோவேரியன்ஸை நிலநடுக்கப் பதிவுக்காரர்கள் யாராவது விரும்பி எடுக்கிறார்களா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

தாமிரபரணி மைதிலி

ஆய்வகத்தில் தன்னொட்டுறவு முறைதான் கேட்டிருக்கிறார்கள், அதனால் 2/3-ஐயே எழுதிக் கொடுக்கிறேன். சோதனைக்கு நான்காவது ஆர்டர் எடுத்துக்காட்டையும் சேர்த்துவிட்டேன், பழைய நிரலோடு. இன்று மாலை தோழியின் நிரலையும் வாங்கிப் பார்த்தேன். அவளும் `a[i] = a[i] + k*a[m-i]` என்றுதான் எழுதியிருக்கிறாள், p = 2 வரை மட்டும் ஓட்டிவிட்டுச் சமர்ப்பித்திருக்கிறாள்.

ஃபிக்ஸட் பாயின்ட்

p = 3 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னும் நேரம் இருக்கிறதா?